Last 28 days-ல் ஒன்று, Lifetime-ல் இன்னொன்று: யூடியூப் கிளிக் விகிதம் ஏன் மாறித் தெரிகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அண்ணே, மாத்தூர் தொட்டிப்பாலம் வீடியோவுக்கு Lifetime வைத்தால் கிளிக் விகிதம் 4.2% காட்டுகிறது. Last 28 days வைத்தால் 2.7%. எது சரி?

இரண்டும் சரிதான் தம்பி. இரண்டும் வேறு வேறு கூட்டத்தை அளந்து சொல்கின்றன.

முதலில் இந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். உங்கள் வீடியோவின் தம்ப்நெய்ல் யாரோ ஒருவருடைய திரையில் ஒரு நொடிக்கு மேல், குறைந்தது பாதியாவது தெரிந்தால் யூடியூப் அதை ஓர் இம்ப்ரெஷன் என்று எண்ணுகிறது. அதைத் தொட்டு உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கையை மொத்த இம்ப்ரெஷனால் வகுத்தால் கிடைப்பதுதான் ஸ்டூடியோவில் Impressions click-through rate என்று தெரியும் எண். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாட்களுக்குள் நடந்த இம்ப்ரெஷனும் அதே நாட்களில் விழுந்த கிளிக்கும் மட்டும்தான் இந்தக் கணக்கில் வரும். Lifetime என்றால் வீடியோ போட்ட நாள் முதல் இன்று வரை உள்ள எல்லாம். Last 28 days என்றால் கடைசி நான்கு வாரம் மட்டும்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கிளிக் விகிதத்தைத் தம்ப்நெய்லுக்குக் கிடைத்த மார்க் போல எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எண்ணில் தம்ப்நெய்லின் பங்கு பாதிதான். அந்தப் படம் யார் கண் முன்னால், எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பது மீதிப் பாதி. நாகர்கோவிலில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பும் முன் "மாத்தூர் தொட்டிப்பாலம் எப்படிப் போவது" என்று தேடுகிறார். உங்கள் வீடியோ மேலே வந்தால் தொடுவார். அவருக்கு அது தேவை. அதே படம் கோயம்புத்தூரில் ராத்திரி பத்து மணிக்குச் சும்மா யூடியூபைத் திறந்தவரின் முகப்பில் வந்தால், பத்துப் படங்களோடு பதினொன்றாகக் கடந்து போகும். படம் ஒன்றேதான், ஆனால் இரண்டு பேரும் நடந்துகொள்ளும் விதம் வேறு. தேதி வரம்பை மாற்றும்போது இந்த இரண்டு கூட்டமும் எந்த அளவில் கலந்திருக்கிறது என்பதும் மாறிவிடுகிறது.

அப்படியானால் கடைசி 28 நாளில் குறைந்ததற்குத் தம்ப்நெய்ல் காரணமே இல்லையா?

காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மொத்த எண்ணை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். எண்களை விளங்குவதற்காக நானே வட்டமாக வைத்திருக்கிறேன்.

அந்த வீடியோ போட்டுப் பத்து மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். Lifetime-ல் 1,20,000 இம்ப்ரெஷன், 5,000 கிளிக். அதாவது 4.2%. கடைசி 28 நாளில் மட்டும் 30,000 இம்ப்ரெஷன், 800 கிளிக். அதாவது 2.7%. Lifetime-க்குள் இந்த 28 நாளும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. அதைக் கழித்தால் அதற்கு முந்தைய காலத்துக்கு 90,000 இம்ப்ரெஷனும் 4,200 கிளிக்கும் மிஞ்சும், அது 4.7%. ஆக உண்மையான இறக்கம் 4.7-லிருந்து 2.7-க்கு. Lifetime காட்டியதைவிட இது இன்னும் பயமாகத் தெரிகிறது.

இப்போது Advanced mode-க்குப் போய், Traffic source என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு காலத்தையும் தனித்தனியே பாருங்கள். முந்தைய காலத்துக்கு Custom எடுத்து, வீடியோ போட்ட நாளிலிருந்து அந்த 28 நாள் தொடங்குவதற்கு முந்தின நாள் வரை வைத்தால் போதும்.

| எங்கிருந்து | முந்தைய காலம் | கடைசி 28 நாள் |
|---|---|---|
| தேடல் (YouTube search) | 40,000 இம்ப்ரெஷன், 3,200 கிளிக், 8% | 2,000 இம்ப்ரெஷன், 170 கிளிக், 8.5% |
| முகப்பு (Browse features) | 50,000 இம்ப்ரெஷன், 1,000 கிளிக், 2% | 28,000 இம்ப்ரெஷன், 630 கிளிக், 2.25% |
| மொத்தம் | 90,000 இம்ப்ரெஷன், 4,200 கிளிக், 4.7% | 30,000 இம்ப்ரெஷன், 800 கிளிக், 2.7% |

நன்றாகப் பாருங்கள். தேடலில் விகிதம் குறையவில்லை. முகப்பிலும் குறையவில்லை. ஆனால் மொத்தம் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. காரணம் ஒன்றுதான்: முன்பு நூறு இம்ப்ரெஷனில் 44 தேடலிலிருந்து வந்தது, இப்போது ஏழுகூட இல்லை. யூடியூப் உங்கள் வீடியோவை முகப்பில் ஏராளமான புதியவர்களுக்குக் காட்டத் தொடங்கியிருக்கிறது. அவர்கள் இயல்பாகவே குறைவாகத் தொடுபவர்கள். அதனால் சராசரி கீழே இறங்கிவிட்டது. இதைப் பார்த்துப் பதறி நன்றாக ஓடும் தம்ப்நெய்லை மாற்றிவிட்டால், வந்துகொண்டிருக்கும் முகப்பு வரத்தை நீங்களே கலைத்துவிடும் ஆபத்து உண்டு. இந்தப் பதற்றத்தில் படத்தை மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இதற்கு மாறாக, தேடலிலேயே 8% என்பது 5% ஆகியிருந்தால் அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. உங்கள் படத்துக்கு மேலே புதிதாக யாராவது அதே பாலத்தைப் பற்றிப் போட்டிருக்கிறார்களா? உங்கள் தலைப்பில் பழைய ஆண்டு எழுதியிருக்கிறதா? அந்த நேரத்தில் படத்தையும் தலைப்பையும் தொடுவதில் அர்த்தம் இருக்கிறது.

8% என்பது 8.5% ஆகியிருக்கிறதே, அதை முன்னேற்றம் என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. "குறையவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. கிளிக் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து இரட்டிப்பாக்குங்கள். அந்த அளவுக்கு ஏறுவதும் இறங்குவதும் எந்தக் காரணமும் இல்லாமலே நடக்கக்கூடியவை. 170-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 13, இரட்டித்தால் 26. ஆக அந்த 170 கிளிக் தற்செயலாகவே 144 ஆகவும் இருந்திருக்கலாம், 196 ஆகவும் இருந்திருக்கலாம். விகிதத்தில் சொன்னால் 7.2%-லிருந்து 9.8% வரை. பழைய 8% அதற்குள்தானே கிடக்கிறது? அதனால் மாற்றம் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

28 நாள் போன்ற சிறிய வரம்பில் சின்ன சேனல்களுக்கு வரும் பெரிய தொல்லை இதுதான். 300 இம்ப்ரெஷனுக்கு 12 கிளிக் என்றால் 4%. இன்னும் நான்கு பேர் தொட்டிருந்தால் 5.3%. தொட்டவர்கள் உங்கள் சித்தப்பா வீட்டுக்காரர்களாகவும் இருக்கலாம். இப்படிப்பட்ட எண்ணிக்கை உள்ள வீடியோவுக்கு 90 நாளோ Lifetime-ஓ எடுத்து, மூலம் வாரியாகப் பிரித்துப் பார்ப்பதே நல்லது.

4.7-ஐயும் 2.7-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 3.7 வருகிறது. Lifetime ஏன் 4.2 காட்டுகிறது?

சதவீதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. 90,000 இம்ப்ரெஷன் உள்ள காலமும் 30,000 உள்ள காலமும் சம எடை உள்ளவை ஆகாது. கிளிக்குகளைத் தனியே கூட்டி, இம்ப்ரெஷன்களைத் தனியே கூட்டி, அப்புறம் வகுக்க வேண்டும். எக்செல்லில் மாதவாரி எண்களை எடுத்து வைத்திருப்பவர்கள் இங்கே சறுக்குவதுண்டு. B நிரலில் கிளிக், C நிரலில் இம்ப்ரெஷன் என்றால்:

```
=SUM(B2:B11)/SUM(C2:C11)
```

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இம்ப்ரெஷனை விகிதத்தால் பெருக்கினால் மொத்தப் பார்வை வராது. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டு வந்த பார்வைக்கு இம்ப்ரெஷன் கிடையாது. வேறு இணையதளத்திலிருந்து வருவதும் அப்படியே. அதனால் மொத்தப் பார்வை எப்போதும் அந்தப் பெருக்கலைவிட அதிகமாக நிற்கும்.

ஏன் 28 நாள்? முழு மாதமாக 30 வைத்திருக்கலாமே?

28 என்பது சரியாக நான்கு வாரம். நான்கு ஞாயிறு, நான்கு திங்கள் என்று எல்லாக் கிழமையும் சமமாக இருக்கும். 30 வைத்தால் ஒரு முறை ஐந்து ஞாயிறு வரும், அடுத்த முறை நான்குதான் வரும். ஊர் சுற்றும் வீடியோ போடுபவருக்கு ஒரு ஞாயிறு கூடினாலே எண் ஏறிவிடும். வளர்ச்சி என்று ஏமாந்துவிடுவோம். முந்தைய 28 நாளோடு ஒப்பிடும்போது இந்தச் சிக்கல் வராது.

நான் ஞாயிறு காலை 9 மணிக்குப் போட்ட வீடியோ, சனிக்கிழமை பார்வை என்று காட்டுகிறது. நேற்றைய எண்ணும் காணவில்லை. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. பெரும்பாலான அறிக்கைகளில் நாள் தொடங்குவது அமெரிக்கப் பசிபிக் நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது மதியம் 12.30, அங்கே குளிர்காலமாக இருந்தால் 1.30. நாகர்கோவிலில் ஞாயிறு காலை ஒன்பது மணி என்றால் அங்கே இன்னும் சனிக்கிழமை இரவு. அதனால் உங்கள் முதல் சில மணி நேரப் பார்வை சனி கணக்கில் விழுகிறது.

நேற்றைய எண் வராததற்குக் காரணம், கணக்குச் சரிபார்த்து வர ஓரிரு நாள் பிடிக்கும். Last 28 days என்பதும் கணக்கு முடிந்த கடைசி நாளில்தான் முடிகிறது. மேலே எழுதியிருக்கும் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் ஒரு தடவை படித்துவிட்டு எண்ணைப் பாருங்கள். 48 மணி நேரத்தைக் காட்டும் ரியல்டைம் கட்டம் மதிப்பீடு மட்டுமே. அதையும் 28 நாள் எண்ணையும் ஒட்டவைத்துக் கூட்ட வேண்டாம்.

Last 28 days வைத்தால் இந்த மாதம் போட்ட வீடியோ மட்டும் வரும் என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தின திற்பரப்பு வீடியோ முதலிடத்தில் நிற்கிறதே?

தேதி வரம்பு பார்க்கப்பட்ட நாளைத்தான் வடிகட்டுகிறது. வீடியோ எந்த நாளில் போடப்பட்டது என்பதை அது கவனிப்பதில்லை. திற்பரப்பில் தண்ணீர் நிறைய விழும் மழைக்காலத்தில் பழைய வீடியோவும் தேடலில் எழும்பும். அதனால்தான் "இந்த மாதம் நான்கு வீடியோ போட்டேன், பார்வை கூடியிருக்கிறது" என்று சேனல் மொத்தத்தை வைத்துச் சொல்வது பல நேரம் தவறாகிவிடுகிறது. கூடியது பழைய வீடியோவாலா, புதியதாலா என்று பட்டியலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

புதிதாகப் போட்ட முட்டம் கடற்கரை வீடியோவுக்கு Lifetime-ல் 7%. தொட்டிப்பாலத்துக்கு 4.2%தான். முட்டம் படம்தானே நன்றாக இருக்கிறது?

இந்த ஒப்பீடு செல்லாது அக்கா. முட்டம் வீடியோவுக்கு வயது ஒன்பது நாள். அந்த வயதில் அது பெரும்பாலும் உங்களை ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்கும், உங்கள் மற்ற வீடியோக்களை அடிக்கடி பார்ப்பவர்களுக்கும்தான் காட்டப்பட்டிருக்கும். அவர்களுக்கு உங்கள் முகமும் குரலும் பழக்கம். படத்தைச் சரியாகப் பார்க்காமலே தொடுவார்கள். தொட்டிப்பாலமோ பத்து மாதமாக அறியாதவர்கள் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் வரம்பின் பெயர் Lifetime என்று ஒன்றாக இருந்தாலும், ஒன்றின் ஆயுள் ஒன்பது நாள், இன்னொன்றின் ஆயுள் பத்து மாதம்.

ஒப்பிட வேண்டுமானால் ஒரே வயதில் ஒப்பிடுங்கள். தொட்டிப்பாலம் வீடியோவைத் திறந்து, Custom-ல் அது வெளியான நாளையும் அதிலிருந்து ஒன்பதாவது நாளையும் கொடுங்கள். அந்த ஒன்பது நாளில் அதற்கும் 7.5% வந்திருக்கலாம். முட்டம் வீடியோவுக்கு 28 நாள் முடிந்ததும் இரண்டுக்கும் முதல் 28 நாளை எடுத்து மறுபடி பாருங்கள். தலைப்பு, படம், நேரம் எது எடுபடுகிறது என்று அப்போதுதான் பேச முடியும்.

7% நல்லதா, 4% கெட்டதா என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு: எல்லாச் சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதிக்கு இந்த விகிதம் 2%-க்கும் 10%-க்கும் இடையில் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. அவ்வளவு அகலமான இடைவெளியில் இரண்டு வீடியோக்களை வெறும் எண்ணாக நிறுத்தி வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தம்ப்நெய்ல் மாற்றிப் பத்து நாள் ஆகிறது. Lifetime அசையவே இல்லை. மாற்றியது வீணா?

Lifetime அசையாது. பத்து மாதமாகச் சேர்ந்த 1,20,000 இம்ப்ரெஷனுக்கு மேல் பத்து நாளின் 5,000 விழுந்தால், புதிய படம் இரட்டிப்பாக ஓடினாலும் தசமத்தில்தான் தெரியும். Last 28 days-உம் இதற்கு உதவாது. அதில் பழைய படத்தின் 18 நாளும் புதிய படத்தின் 10 நாளும் கலந்து கிடக்கும்.

மாற்றிய தேதியைக் கட்டாயம் எழுதி வைத்திருக்க வேண்டும். மாற்றிய அன்றைய நாளை விட்டுவிடுங்கள். அன்று இரண்டு படமும் ஓடியிருக்கும். மறுநாள் தொடங்கி முழு வாரங்களாக, முடிந்தால் 14 நாளோ 28 நாளோ, Custom-ல் எடுங்கள். மாற்றுவதற்கு முன்னாலும் அதே அளவு நாள் எடுங்கள். அப்புறம் முகப்பை முகப்போடும் தேடலைத் தேடலோடும் வையுங்கள். கிளிக் வர்க்கமூலச் சோதனையை இங்கேயும் போடுங்கள். படத்தையும் தலைப்பையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது, அதனால் ஒன்றை மாற்றி முடித்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

தோவாளை பூச்சந்தை வீடியோ போடுகிறேன். போன வருஷம் இதே 28 நாளோடு ஒப்பிட்டால் ஒரு வருஷம் உச்சம், ஒரு வருஷம் சரிவு என்று வருகிறது. ஏன்?

ஓணம் காரணம். தோவாளையிலிருந்து கேரளத்துக்குப் பூ போகும் அந்த நாட்களில்தான் பிச்சி, கேந்தி விலையைத் தேடி ஆட்கள் வருவார்கள். ஆனால் திருவோணம் ஆங்கிலத் தேதியில் நிலையாக நிற்பதில்லை. 2024-ல் செப்டம்பர் 15. 2025-ல் செப்டம்பர் 5. 2026-ல் ஆகஸ்ட் 26.

2025 ஆகஸ்ட் 14 முதல் செப்டம்பர் 10 வரை 28 நாள் எடுத்தால் திருவோணமும் அதற்கு முந்தைய பரபரப்பும் முழுசாக உள்ளே வரும். அதே தேதிகளை 2024-க்குப் போட்டால் திருவோணம் ஐந்து நாள் வெளியே நிற்கும். உச்சம் அந்த 28 நாளுக்குள் வரவே வராது. சேனல் வளர்ந்துவிட்டதாக 2025 காட்டும், ஆனால் நடந்தது பண்டிகை பத்து நாள் முன்னே வந்தது மட்டும். ஒப்பிட வேண்டுமானால் திருவோணத்துக்கு 21 நாள் முன்னாலிருந்து 6 நாள் பின்னால் வரை என்று எண்ணி, ஒவ்வொரு வருஷத்துக்கும் Custom-ல் தனித்தனியாகத் தேதி போடுங்கள். திருவோணத்தையும் சேர்த்தால் அதுவும் 28 நாள்தான்.

இந்தக் காலத்தில் கிளிக் விகிதமும் பார்வையும் சேர்ந்து ஏறுவதைப் பார்க்கலாம். பூ விலை வேண்டும் என்றே தேடி வருபவர்கள் பெருகுவதால் தேடலின் பங்கு கூடுகிறது. தொட்டிப்பாலத்தில் நடந்ததன் மறுபக்கம் இது. அதை நம்பி ஓணம் மாத எண்ணை உங்கள் சாதாரண அளவாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

நான் குளச்சல் துறைமுக மீன் ஏலம் போடுகிறேன். ஜூன், ஜூலையில் 28 நாள் எண்ணைப் பார்த்தால் சேனலை மூடிவிடலாம் போல இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலத்தை முந்தைய 28 நாளோடு ஒப்பிடாதீர்கள். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் அந்தக் கணக்கு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு தடைக்காலம் இருப்பதால், குளச்சலும் சின்னமுட்டமும் சேர்த்துப் போடும் சேனலுக்கு ஒரு துறைமுகம் ஓய்ந்திருக்கும்போது பெரும்பாலான நாட்களில் மற்றது ஓடும். சேனல் மொத்தத்தில் இது ஒன்றை ஒன்று மறைத்துவிடும், வீடியோ வாரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

ஓணம் போல இல்லாமல் இங்கே தேதி வருஷா வருஷம் ஒன்றுதான். அதனால் போன வருஷத்தின் அதே ஜூலை 1 முதல் 28 வரை எடுத்து இந்த வருஷத்தோடு நேராக வைக்கலாம். போன வருஷத் தடைக்காலத்தைவிடக் கூடியிருந்தால் உங்கள் சேனல் வளர்கிறது என்று அர்த்தம்.

நான்கு வாரத்தின் தனிப் பார்வையாளர்களைக் கூட்டினால் 28 நாள் எண்ணைவிட அதிகமாக வருகிறதே?

அப்படித்தான் வரும். வடசேரி பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடைக்கு வாரம் ஒரு தடவை வருபவர், வாரக் கணக்கில் நான்கு முறை எண்ணப்படுவார், மாதக் கணக்கில் ஒரே ஆள். பார்வைகளையும் பார்த்த நேரத்தையும் கூட்டலாம், ஆட்களைக் கூட்ட முடியாது. எந்தக் காலத்துக்கு ஆள் கணக்கு வேண்டுமோ அந்தக் காலத்தையே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

சராசரி பார்வை நேரமும் இதே மாதிரி மாறுமா?

மாறும், காரணமும் அதே கலவைதான். பேருந்து நேரம் தேடி வந்தவர் அதைக் கேட்டதும் போய்விடுவார். உங்களைப் பின்தொடர்பவர் முழுசாகப் பார்ப்பார். சேனல் அளவில் இன்னொன்றும் சேரும். போன மாதம் ஷார்ட்ஸ் நிறையப் போட்டிருந்தால், அரை நிமிடப் பார்வைகள் குவிந்து 28 நாள் சராசரி தரையில் கிடக்கும், Lifetime மேலே நிற்கும். நீள வீடியோவையும் ஷார்ட்ஸையும் பிரித்துவிட்டுத்தான் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

என் ஷார்ட்ஸ் பார்வை 2025-லிருந்து திடீரென ஏறியது. Lifetime வரைபடத்தில் படிக்கட்டு மாதிரி தெரிகிறது.

2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் பார்வையை எண்ணும் முறையையே யூடியூப் மாற்றியது. அதிலிருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே, மறுபடி ஓடினாலும், ஒரு பார்வை. குறைந்தபட்சம் இவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பது இல்லை. பழைய முறைக் கணக்கு Engaged views என்ற பெயரில் Advanced mode-ல் இருக்கிறது. ஆக அந்தத் தேதிக்கு இரு பக்கமும் நீளும் எந்த வரம்பிலும், Lifetime உட்பட, இரண்டு விதமாக எண்ணிய பார்வைகள் ஒரே கோட்டில் ஒட்டியிருக்கின்றன. ஷார்ட்ஸின் நீண்ட கால வளர்ச்சியைப் பார்க்க Engaged views எடுப்பதே முறை.

Lifetime-ல் 5,200 மணி நேரம் காட்டுகிறது. ஆனால் வருமானப் பக்கத்தில் 4,000 ஆகவில்லை என்கிறது யூடியூப். போன வாரம் இருந்ததைவிடக் குறைந்தும் இருக்கிறது. மணி நேரம் எப்படிக் குறையும்?

விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற யூடியூப் கேட்கும் அந்த 4,000 மணி நேரம் கடைசி 365 நாளுக்கானது. Lifetime அதற்குச் செல்லாது. ஒவ்வொரு நாளும் ஒரு புதிய நாள் உள்ளே வரும்போது, போன வருஷத்தின் அதே நாள் வெளியே போகிறது. போன வருஷம் ஒரு வீடியோ நன்றாக ஓடிய வாரம் இப்போது வரம்பை விட்டு விழுந்துகொண்டிருந்தால், இன்று வருவது அதைவிடக் குறைவாக இருந்தால் மொத்தம் குறையும். பூச்சந்தைச் சேனலுக்கு ஓணம் முடிந்து ஒரு வருஷம் ஆகும் சமயத்தில் இது கண்கூடாகத் தெரியும்; போன ஓணத்தின் மணி நேரம் கழன்று போகும் முன் இந்த ஓணத்தின் மணி நேரம் வந்து சேர்ந்ததா என்பதில்தான் விஷயம். 2025-லும் 2026-லும் போல பண்டிகை முன்னே வரும் வருஷங்களில் இரண்டு ஓணமும் சில நாட்கள் ஒரே 365-க்குள் அடங்கும். அப்போது 4,000-ஐத் தொட்டால் உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

சரி, Last 365 days வைத்தாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. அனலிடிக்ஸ் காட்டும் மணி நேரத்தில் ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்ததும், நீங்கள் பிறகு பிரைவேட் ஆக்கிய வீடியோவில் பார்த்ததும் சேர்ந்திருக்கும். தகுதிக் கணக்கில் இவை சேராது; பொதுவில் இருக்கும் நீள வீடியோக்களின் நேரம் மட்டுமே சேரும். பழைய வீடியோ பிடிக்கவில்லை என்று பிரைவேட்டில் போட்டவர்களுக்கு மணி நேரம் ஒரே நாளில் சரிவது இதனால்தான். அப்படி ஏதாவது போட்டிருந்தால், Last 365 days வைத்து அந்த வீடியோவின் மணி நேரத்தை முதலில் பாருங்கள். கணிசமாக இருந்தால், தகுதி கிடைக்கும்வரையாவது அதைத் திரும்பப் பொதுவில் விடுங்கள்.